ஆடி வெள்ளிக்கு வீட்டில் அம்மன் அலங்காரம்: கச்சான் காற்றிலும் கலையாத வேப்பிலை, மஞ்சள், செவ்வரளி

ஆடியில் வீட்டு அம்மனை அலங்கரிப்பது பற்றிச் சொல்லும் பல குறிப்புகள் காற்றில்லாத ஊருக்கு எழுதியவை. நம் கரையில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் ஆடி என்றால் கச்சான் காற்று. மேற்கேயும் தென்மேற்கேயும் இருந்து பகல் முழுக்க அடிக்கும், மணலை அள்ளிக்கொண்டு வரும், ஈரம் எதில் இருந்தாலும் உறிஞ்சிவிடும். அதோடு தண்ணீர் வேறு உப்பு. காலையில் பச்சைப் பசேலென்று கட்டின வேப்பிலை மத்தியானத்துக்குள் சுருண்டு, மஞ்சள் முகம் மூக்கோரம் வெடித்து, விளக்கு ஐந்து தடவை அணைந்து போகிற வீடுகள் நிறைய. கட்டுகிறவர்களின் கைத்திறமையில் குறை எதுவும் இல்லை. எதை எப்போது செய்வது, எந்தத் தண்ணீரில் செய்வது என்பதில்தான் சிக்கல்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு அலங்காரம். குடத்தின் மேல் தேங்காய் வைத்து, தேங்காய்க்கு மஞ்சள் முகம் செய்து, குடத்துக்கு வேப்பிலைப் பாவாடை கட்டி, செவ்வரளி மாலை சாத்தி, வாசலுக்கு வேப்பிலைத் தோரணம் போடுவது. வெள்ளிக்கிழமை விடியலில் பூஜை, ராத்திரி வரை அம்மன் கலையாமல் இருக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் கலைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வேலை வியாழக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும்.

முதலில் இடம்

மஞ்சளைக் குழைப்பதற்கு முன்னால் வீட்டுக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். முன்வாசலும் கொல்லை வாசலும் நேருக்கு நேர் இருக்கும் வீடுகள்தான் இந்தப் பக்கம் அதிகம். அந்த நேர்கோட்டில் அம்மனை வைக்கவே கூடாது. ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, வைக்க நினைக்கும் இடத்தில் தரையோரம் ஒரு தடவை, இடுப்புயரத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். புகை படுத்துக்கொண்டே ஓடினால் அது சரிப்படாத இடம். கொஞ்சமாவது நிமிர்ந்து எழுந்த பிறகு கலைந்தால் போதும், அங்கே விளக்கு நிற்கும். இதைப் பகல் பதினொரு மணிக்கு மேல், காற்று நன்றாக ஏறின பிறகு செய்யுங்கள். விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும்போது பார்த்தால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

மேற்குச் சுவரை ஒட்டி, கிழக்கே பார்த்து வைப்பது நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். காற்று வரும் பக்கத்துச் சுவரே அம்மனுக்கு மறைப்பாகிவிடும். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தால் அன்றைக்கு மட்டும் சாத்தி வைத்தால் போதும்.

பின்னால் தொங்கவிட மஞ்சள் துணி வேண்டுமென்றால் கடையில் வாங்குவதைவிட வீட்டில் தோய்ப்பது அழகு. பழைய வெள்ளை வேட்டி ஒன்று, கைநிறைய மஞ்சள் தூள், துணி மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தால் ஆயிற்று. ஆனால் துணியில் சோப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. சோப்பும் சோடாவும் காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். சரியாக அலசாத வேட்டியைத் தோய்த்தால் மடிப்புக்கு மடிப்பு செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக வரும். அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத் தோயுங்கள். காயப்போடுவது நிழலில். வெயில் மஞ்சளின் நிறத்தைத் தின்றுவிடும், ஒரு பகல் மொட்டைமாடியில் கிடந்தாலே மேல்மடிப்பு வெளுத்துப்போகும்.

சுவருக்கும் இதே சங்கதிதான். ஆடிக்கென்று புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சளில் சூலமோ வட்டமோ போட்டால், போட்ட கையோடு அது சிவக்கும். சிலர் பயந்துபோய் அபசகுனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டுச் சிவக்க வைக்கிறோமே, அதேதான் சுவரிலும் நடக்கிறது, வேறொன்றும் இல்லை. மஞ்சளாகவே நிற்க வேண்டுமென்றால் சுவரில் நேரடியாகப் போடாமல் ஒரு பலகையிலோ பனையோலைத் தடுக்கிலோ போட்டுச் சாத்தி வையுங்கள்.

மஞ்சள் முகம்: வியாழன் காலை

முழு அலங்காரத்திலும் பொறுமை கேட்கும் வேலை இதுதான், அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வியாழன் காலையில் செய்தால் வெள்ளி விடியலுக்குப் பக்குவமாக இருக்கும். புதன்கிழமையே செய்துவிட்டால் கூடுதலாக ஒரு பகல் காற்று குடித்து வெடிக்கும், வெள்ளி காலையில் செய்தாலோ ஈரம் தாளாமல் கண்மலர் நழுவும்.

மஞ்சளைப் பொறுத்தவரை விரலி மஞ்சளை வாங்கி மில்லில் கொடுத்து அரைத்தது நல்லது. பூஜை மஞ்சள் என்று பொட்டலத்தில் வருவதில் மாவும் சாயமும் கலந்தது உண்டு. சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல மஞ்சள் உடனே இரத்தச் சிவப்பாகும். மங்கலாக, அரைகுறையாகச் சிவந்தால் மஞ்சள் குறைவு, கலப்பு அதிகம் என்று புரிந்துகொள்ளலாம். கஸ்தூரி மஞ்சள் இதற்கு ஆகாது, அது வேறு கிழங்கு, வெளிர் நிறம். முகத்துக்குப் பூசிக்கொள்ள நல்லது, அம்மன் முகத்துக்கு நிறம் எடுபடாது.

அளவு இதோ. நடுத்தரமான ஒரு தேங்காய்க்கு 150 கிராம் மஞ்சள் தூள், குவித்து மூன்று மேசைக் கரண்டி மைதா அல்லது கோதுமை மாவு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள், அரை டம்ளருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும். மாவு எதற்கென்றால், வெறும் மஞ்சளுக்கு ஒட்டும் தன்மை இல்லை, காய்ந்ததும் வண்டல் மண் மாதிரிப் பாளம் பாளமாக வெடிக்கும், மாவின் பசை அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்காக மாவை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், நிறம் வெளுத்து எலுமிச்சைச் சாயல் வந்துவிடும்.

தண்ணீர் குடிதண்ணீராகவே இருக்கட்டும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ, ஊருணியில் எடுத்ததோ, விலைக்கு வாங்கின குடத்துத் தண்ணீரோ எதுவாகவும் இருக்கலாம். போர் தண்ணீர் வேண்டாம். உவர் தண்ணீரில் பிசைந்த முகம் காயும்போது உப்பு மேலே பூத்து, கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரித் தெரியும். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் பூக்கும்.

பிசைந்ததைச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாக வையுங்கள். சரியான பதம் எது என்றால், ஒரு உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது ஓரம் விரியலாம், பிளக்கக் கூடாது. பிளந்தால் தண்ணீர் போதவில்லை. விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் அதிகம், அப்படியே பத்து நிமிடம் மூடி வைத்தால் மாவு தண்ணீரை இழுத்துச் சரியாகிவிடும்.

தேங்காயைக் குடுமியை மட்டும் விட்டுவிட்டு உரித்து, தொங்குகிற நாரைச் சுரண்டுங்கள். கண்ணாடிபோல வழவழப்பாக்க வேண்டாம், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பிடிக்கும். பிறகு ஈரப்படுத்திய பருத்தி நூலைத் தேங்காயைச் சுற்றி விரலுக்கு ஒரு சுற்று இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் சுற்றிக் கட்டுங்கள். மஞ்சளுக்குள் இந்த நூல் புதைந்து கிடந்து அது நழுவாமல் பிடித்துக்கொள்ளும். தேங்காயை நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அப்புங்கள். கனம் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். கனமாக அப்பினால் முகம் நன்றாக வரும் என்று தோன்றும், ஆனால் வெளித்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரமாகவே இருக்கும், அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது.

மூக்கையும் உதட்டையும் தாடையையும் தனியாகச் செய்து ஒட்ட வேண்டாம். அப்பின மஞ்சளிலிருந்தே கிள்ளி மேலே தூக்குங்கள். ஒட்டவைத்த மூக்கு காய்ந்ததும் தனியாகக் கழன்று வரும். கன்னத்தை நல்லெண்ணெய் தொட்ட விரலால் தடவிவிட்டால் பளபளப்பு வரும், மேல்தோல் அவசரமாகக் காயாமலும் இருக்கும். எண்ணெய் ஒரே ஒரு துளி போதும், அதிகமானால் குங்குமம் ஒட்டாது.

கண்மலரை மஞ்சள் ஈரமாக இருக்கும்போதே பதித்துவிட வேண்டும். பதித்த பிறகு ஓரத்து மஞ்சளை ஒரு ஈர்க்குச்சி முனையால் லேசாகத் தகட்டின் மேல் ஏற்றி இமைபோல மடித்து விடுங்கள். மஞ்சள் சுருங்கும்போது அந்த இமைதான் கண்மலரை இறுக்கிப் பிடிக்கும். கண்மலர் கிடைக்காவிட்டால் அரிசி மாவைக் கெட்டியாகக் குழைத்து வெள்ளை விழி எழுதி, காய்ந்ததும் கண்மையால் கருவிழி வைக்கலாம். எனக்கு என்னவோ இப்படி எழுதின கண்தான் வீட்டு அம்மனுக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது, விளக்கு வெளிச்சத்தில் அது பார்க்கிற பார்வை வேறு. மூக்குத்தியையும் இப்போதே குத்திவிடுங்கள். குங்குமப் பொட்டு மட்டும் வெள்ளி காலைக்கு இருக்கட்டும், ஈர மஞ்சளில் வைத்தால் சில குங்குமத்தின் சாயம் ஊறி மூக்குவரை வழியும்.

இனி காயவைப்பது. முகத்தை ஒரு சொம்பின் வாயில் உட்காரவைத்து, காற்றில்லாத உள்ளறையில், நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மூடுங்கள். துணி முகத்தில் படாமல் இருக்க ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போடலாம். மத்தியானம் வரைக்கும் துணி ஈரமாகவே இருக்க வேண்டும், பிறகு எடுத்துவிடலாம். ஃபேன் போடக் கூடாது, வெயிலில் வைக்கவே கூடாது. சாயங்காலம் ஒரு தடவை மூக்கின் இரண்டு ஓரத்தையும் தாடைக்கு அடியையும் பாருங்கள், வெடிப்பு முதலில் வருவது அங்கேதான். முடி அளவு கீறலாக இருந்தால் மிச்சம் வைத்திருக்கும் மஞ்சளைத் தயிர் பதத்துக்குக் கரைத்துக் கீறலுக்குள் தேய்த்து விடுங்கள். வெறும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கீறல் மறைந்ததுபோல் இருந்து விடிவதற்குள் அகலமாகிவிடும். கன்னம் முழுதாகத் தேங்காயை விட்டு எழும்பி, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. உரித்து, அதே மஞ்சளைத் தண்ணீர் தெளித்து மறுபடி பிசைந்து செய்யலாம், சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தாலும் விடியலுக்குத் தேறிவிடும்.

வேப்பங்குழை ஒடிப்பது

இதே நாளில் மரத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள், ஒடிப்பது வெள்ளி விடிவதற்கு முன்னால். கரையோரத்து வேம்பில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள், கடலைப் பார்த்த பக்கத்து இலைகளின் நுனி கருகிப் பழுப்பாக இருக்கும். உப்புக் காற்று வேலை அது. அதனால் மரத்தின் மறுபக்கம், காற்றுக்கு முதுகைக் காட்டும் கொப்புகளில் ஒடியுங்கள். கொழுந்து செம்பு நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒடித்த ஒரு மணி நேரத்திலேயே தொங்கிவிடும். முற்றின கரும்பச்சை இலை தொட்டாலே உதிரும். இரண்டுக்கும் நடுவில், இலை விறைப்பாகவும் பளபளப்பாகவும் ஈர்க்கு வளைத்தால் ஒடியாமலும் இருக்கும் குழைதான் பாவாடைக்கு ஏற்றது.

ஆடியில் வேம்பில் பழம் இருக்கும். குழையோடு வரும் பழத்தை ஒன்றுவிடாமல் கிள்ளி எடுத்துவிடுங்கள். விட்டால் அறைச் சூட்டில் கனிந்து பிசுபிசுவென்று ஒழுகி, மத்தியானத்துக்குள் எறும்பும் ஈயும் அம்மன் பாவாடையில் குடியேறிவிடும். வாசல் தோரணத்தில் மட்டும் பச்சைக் காய்க் கொத்து ஒன்றிரண்டை விடலாம், பார்க்க நன்றாக இருக்கும்.

சூரியன் வருவதற்கு முன்னால், இலை ராத்திரி ஈரம் வாங்கி விறைத்திருக்கும்போது ஒடித்து, அடிக்கட்டையைக் குடிதண்ணீர் உள்ள வாளியில் நிறுத்தி, இலைப்பகுதியை ஈரச் சாக்கால் போர்த்திவிடுங்கள். தூசியைக் கழுவுவதும் குடிதண்ணீரில்தான். உவர் தண்ணீரில் முக்கினால் காய்ந்ததும் இலைமேல் வெள்ளைப் பொட்டுகள் நிற்கும். குடிதண்ணீர் தட்டுப்பாடாக இருந்தால் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

வேப்பிலைப் பாவாடை

கணக்கு தெரிவதற்காக ஒரு குடத்தை எடுத்துக்கொள்வோம். பித்தளைக் குடம், உயரம் பத்து அங்குலம், வயிற்றுச் சுற்றளவு முப்பது அங்குலம், கழுத்துச் சுற்றளவு பதினைந்து. குடத்தில் தண்ணீர் நிரப்புவதா அரிசி நிரப்புவதா என்று வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். தண்ணீர் என்றால் மஞ்சளும் எலுமிச்சையும் வேப்பிலைக் கொழுந்தும் போட்டுக் கழுத்தளவு நிரப்புங்கள். எப்படியானாலும் அடியில் கனம் வேண்டும். மஞ்சள் பூசின தேங்காய், நகை, மாலை எல்லாம் சேர்ந்தால் மேல்பாரம் கூடிவிடுகிறது. பாதிக் குடம் வைத்தால் யாராவது மாலை சாத்தும்போது கை பட்டாலே சாயும். குடத்தை அகலத் தாம்பாளத்தில் நெல்லோ அரிசியோ இரண்டு விரல் உயரம் பரப்பி, அதில் திருகி உட்காரவையுங்கள். தாம்பாளத்தின் கீழே மணைப்பலகை இருந்தால் பாவாடை தரையில் புரளாது.

குடத்துக்கு முதலில் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வேப்பிலை சுருங்கும்போது இடையில் பித்தளை தெரியாமல் சிவப்பு தெரியும், அது அலங்காரமாகவே இருக்கும். இன்னொன்று, உலோகத்தில் இலை வழுக்கும், துணியில் வழுக்காது.

கட்டுவதற்குப் பனைநார் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வாழைநாரைத் தேடி அலைய வேண்டியதில்லை, பனைமட்டையில் உரித்த நாரை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் நூல் மாதிரி வளையும், காயக் காய இறுகும். வாழைநார் அப்படி இல்லை, இந்தக் காற்றில் காய்ந்து முறுக்கு விட்டுப்போகும். நாரை மூன்று துண்டாக நறுக்குங்கள். அடி வரிசைக்கும் நடு வரிசைக்கும் வயிற்றைச் சுற்றிக் கட்ட மிச்சத்தோடு தலா 40 அங்குலம், கழுத்து வரிசைக்கு 25 அங்குலம்.

குழையிலிருந்து ஈர்க்குகளை ஒரு சாண் நீளத்துக்குக் கிள்ளி, மூன்று மூன்றாகச் சேர்த்து, அடியை ஒன்றாகப் பிடித்து, நாரில் மடித்து ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரு கொத்து ஒன்றரை அங்குலத்தை மறைக்கும். ஆக, முப்பது அங்குலத்துக்கு இருபது கொத்து. நடு வரிசைக்கும் அதே இருபது, கழுத்துக்குப் பத்து. மொத்தம் ஐம்பது கொத்து, நூற்றைம்பது ஈர்க்கு. இரண்டு கை கொள்ளும் அளவு நல்ல கொப்புகள் மூன்றோ நான்கோ இருந்தால் இது தாராளமாக வந்துவிடும். கழுத்து வரிசைக்கு இன்னொரு பத்துக் கொத்து கூடுதலாகக் கட்டி ஈரச் சாக்கில் வைத்திருங்கள், எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

கட்டுவது கீழிருந்து மேல். அடி வரிசை வயிற்றுக்குச் சற்றுக் கீழே, நடு வரிசை அதற்கு மூன்று விரல் மேலே, கடைசியில் கழுத்து. மேல் வரிசை இலை கீழ் வரிசையின் முடிச்சை மறைத்து விழ வேண்டும். மேலிருந்து தொடங்கினால் முடிச்சுகள் எல்லாம் வெளியே தெரியும், பிறகு அதை மறைக்கவே பூ தேட வேண்டியிருக்கும். வயிற்றின் வளைவில் நார் கீழே வழுக்குவதுபோல இருந்தால், பின்பக்கம் கழுத்து நாருக்கும் அடி நாருக்கும் இடையே நேர்குத்தாக ஒரு நாரைக் கட்டி இழுத்து வையுங்கள்.

கைபடாமல் விட்டால் இந்தப் பாவாடை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மத்தியானம் வரை விறைப்பாக நிற்கும். பிறகு இலை மெதுவாக உள்பக்கம் மடியத் தொடங்கும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் முகத்தில் தெறித்தால் மஞ்சள் கரைந்து கோடு விழும். அதனால் தெளிக்காமல், ஈரத்துணியை இலைமேல் ஒற்றி எடுங்கள். சாயங்காலப் பூஜைக்கு முன்னால் கழுத்து வரிசையை மட்டும் கழற்றிவிட்டு, எடுத்து வைத்த புதுக் கொத்துகளைக் கட்டுங்கள். கண் முதலில் போவது அந்த வரிசைக்குத்தான், அது பச்சையாக இருந்தால் முழு பாவாடையும் புதிதாகத் தெரியும்.

சிவப்புப் பூ

செவ்வரளி, விருச்சி, செம்பருத்தி, கோழிக்கொண்டை. இந்த நான்கையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

செவ்வரளிதான் நம் மண்ணுக்கும் காற்றுக்கும் தாங்குவது, வீட்டு வேலியிலேயே நிற்கும். மாலைக்கு இதுவே பிரதானம். வியாழன் சாயங்காலம், நாளைக்கு விரியப்போகும் மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துத் தொடுத்துவிட்டால் காலையில் மாலையிலேயே விரியும். கடையில் வாங்குவதென்றால் மதுரையிலிருந்து வரும் உதிரிப்பூ ஆடி வெள்ளியன்று விலை ஏறித்தான் இருக்கும், கால் கிலோ இருந்தால் இந்த அளவு அம்மனுக்கு மூன்று முழ மாலை ஒன்று தொடுத்து மிச்சமும் இருக்கும். நைலான் நூலில் தொடுக்காதீர்கள், ஏன் என்பது கலைக்கும்போது புரியும்.

அரளியைப் பற்றி ஒரு கண்டிப்பு. இலை, பூ, பால், குச்சி எல்லாமே விஷம். தொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கேப்பைக் கூழ் கிண்ட வேண்டும், மாவிளக்கு பிசைய வேண்டும். குடத்துத் தண்ணீரையோ தீர்த்தத்தையோ யாராவது குடிப்பார்கள் என்றால் அதில் அரளி இதழ் ஒன்றுகூட விழக் கூடாது. நைவேத்தியத் தட்டை மாலைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் உதிர்ந்ததை உடனுக்குடன் பெருக்கிவிடுங்கள், அல்லது மாலையை விருச்சியில் கட்டிக்கொள்ளுங்கள்.

விருச்சியை, இட்லிப்பூ என்றும் சொல்வார்களே, அதைக் கொத்தாகவே வைக்கலாம், காம்போடு ஈரமாக இருந்தால் ராத்திரி வரை நிறம் மாறாது. குடுமியைச் சுற்றிக் கிரீடம்போல அடுக்க இதுதான் வசதி. செம்பருத்தி ஒருநாள் பூ, சாயங்காலமானால் தானாகவே கூம்பிவிடும். அதை முதல்நாளே பறித்து வைப்பதில் அர்த்தமில்லை. காலைப் பூஜைக்குச் சற்று முன்னால் பறித்து, அம்மனின் இரண்டு காதருகிலும் பாதத்திலும் வையுங்கள், சாயங்காலம் எடுத்துவிடுங்கள். கோழிக்கொண்டைக்கு வாசனை இல்லை, ஆனால் இரண்டு நாளானாலும் வாடாது. கனமாக இருப்பதால் மாலையில் கோக்காமல் தாம்பாளத்தைச் சுற்றித் தரையில் வட்டமாக வைத்தால் நிற்கும்.

மாலை சாத்தும்போது அதன் எடை தேங்காயின் மேல் இறங்கக் கூடாது. குடத்தின் பின்பக்கம் கழுத்து நாரில் மாலையின் இரண்டு முனையையும் கட்டி, முன்பக்கம் தாழ விடுங்கள். மஞ்சள் முகத்தில் பூ உரசினால் சிவப்புச் சாறு படிந்துவிடும், அதனால் தாடைக்கும் மாலைக்கும் நடுவில் கழுத்து வேப்பிலை ஒரு வரிசையாவது இருக்கட்டும். மஞ்சள், பச்சை, சிவப்பு மூன்றும் தனித்தனியாகத் தெரிவதும் அப்படி வைத்தால்தான்.

வாசல் தோரணம்

இரண்டு முனையில் மட்டும் கட்டின தோரணம் கச்சானில் சாட்டைபோலச் சுழன்று நிலைக்கதவில் அடித்து இலையெல்லாம் உதிர்ந்துவிடும். மூன்றரை அடி வாசல் என்றால் மேலே சாணுக்கு ஒரு ஆணியாக ஐந்து இடத்தில் பிடி இருக்கட்டும். வேப்பிலையைக் கயிற்றில் தொங்கவிடாமல் இரண்டு பனைநாரை முறுக்கிக்கொண்டே போகும்போது கொத்தின் அடியை முறுக்குக்குள் நுழைத்து இறுக்குங்கள். கொத்தும் அரைச் சாணுக்கு மேல் நீளம் வேண்டாம். நடுநடுவே செவ்வரளியை மூன்று மூன்றாகச் சேர்த்துச் செருகலாம். நிலையின் இரண்டு பக்கமும் வைக்கும் பெரிய குழையை மேலே ஒரு கட்டு, இடுப்புயரத்தில் ஒரு கட்டு என இரண்டு இடத்தில் கட்டுங்கள். கீழ்நுனி ஆடு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பூஜைக்கு முன்னாலேயே ஆடு தின்றுவிடும்.

நிலைப்படிக்கு மஞ்சள் பூசுவதில் பெயிண்ட் அடித்த மரம்தான் தொல்லை. கெட்டியாகப் பூசினால் காய்ந்து செதிளாக உதிரும். மோர் பதத்தில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொன்று. குங்குமப் பொட்டை இரண்டாவது பூச்சு முக்கால் காய்ச்சலில் இருக்கும்போது வையுங்கள்.

விளக்கு

காய்ந்துகொண்டிருக்கும் வேப்பிலையும் பின்னால் தொங்கும் துணியும் விளக்குத் திரியும் ஒரே இடத்தில் இருக்கின்றன, காற்றும் அடிக்கிறது. அதனால் குத்துவிளக்கை அம்மனுக்குப் பக்கவாட்டில், பாவாடையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். சிம்னி போட்ட விளக்கோ கண்ணாடிக் கூண்டோ இருந்தால் அதையே முழுநாள் விளக்காக வைத்துக்கொண்டு, குத்துவிளக்கைப் பூஜை நேரத்துக்கு மட்டும் ஏற்றலாம். மாவிளக்கும் கற்பூரமும் தட்டில், கையில். மஞ்சள் துணியின் கீழ் ஓரத்தில் இரண்டு கல்லைக் கட்டி விடுங்கள், காற்றுக்குப் பறந்து சுடர்மேல் விழாது. வீட்டில் எல்லாரும் மாரியம்மன் கோயில் கஞ்சிக்குப் போகிறீர்கள் என்றால் குத்துவிளக்கைக் குளிர்வித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை கலைப்பது

காலையில் குளித்துவிட்டு, ஒரு கற்பூரம் காட்டி, குடத்தை வடக்கே லேசாக நகர்த்தி வைத்துவிட்டுக் கலைக்கத் தொடங்குங்கள். முதலில் அரளியைத் தனியாக எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஏனென்றால் அலங்காரத்து வேப்பிலை கடைசியில் ஆட்டுக்குத்தான் போகிறது, தெருவில் போட்டாலும் ஆடு வந்துவிடும். வேப்பிலை ஆட்டுக்குப் பிடித்த தீனி, அரளி அதற்கு எமன். கொஞ்சம் கலந்து போனாலே ஆடு செத்துவிடலாம். அரளி மாலையை ஆள், ஆடு புழங்காத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். பருத்தி நூலும் நாரும் மண்ணில் மக்கிவிடும். கடலில் போடும் வழக்கம் உள்ளவர்கள் நைலான் நூலோடு போட்டால் அது அலையில் திரும்பி வந்து கரையில் கிடக்கும், இல்லையென்றால் யாராவது ஒருவர் வலையில் சிக்கும்.

கண்மலரையும் மூக்குத்தியையும் எடுத்துவிட்டுத் தேங்காயை ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். சுரண்ட வேண்டாம், மஞ்சள் தானாகக் கரைந்து இறங்கும். அந்தத் தண்ணீரை வேப்பமரத்தடியிலோ தென்னையடியிலோ ஊற்றலாம். தேங்காயை உடைத்து இனிப்புக்குப் பயன்படுத்துவது வழக்கம். உடைத்ததும் முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் வேண்டாம். கண்மலரில் மஞ்சள் ஒட்டியிருந்தால் புளி போட்டுத் துலக்குங்கள். பனைநாரை அவிழ்த்து நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால் அடுத்த வெள்ளிக்கு ஒரு மணி நேரம் ஊறவைத்து அதையே கட்டலாம், ஆடி முழுக்க வரும்.